கொக்கியில் 80, தராசில் 142: போட்டோவைப் பார்த்துக் கொலுசுக்கு விலை சொல்ல முடியுமா?

"தெரிந்தவர் ஒருவர் பழைய வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி விற்கிறார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். கொக்கியில் 80 என்றும் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தும் இருக்கிறது. தராசில் வைத்த படத்தில் 142.350 என்று காட்டுகிறது. இன்றைய வெள்ளி ரேட்டை அப்படியே முழு எடைக்கும் போட்டுக் கேட்கிறார். நியாயமா? போட்டோவை வைத்தே சரியான விலை சொல்ல முடியுமா?"

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த முத்திரையை எவ்வளவு நம்பலாம் என்பது ஒன்று. முத்திரை முழு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அவர் கேட்கும் விலை சரியா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்: சரியில்லை. அதற்குப் போட்டோகூடத் தேவையில்லை, பெருக்கல் வாய்ப்பாடு போதும். முதல் கேள்விதான் கொஞ்சம் நீளம்.

நான் சேலம் செவ்வாப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன். அப்பா கொலுசு செய்தார். நான் பிறகு பழைய வெள்ளி வாங்கும் கடை ஒன்றில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். அதனால் கொலுசு உருவாகிற இடத்தையும் அது கடைசியில் மூசைக்குள் உருகிப்போகிற இடத்தையும் பார்த்திருக்கிறேன். முத்திரை சொல்வதும் மூசை சொல்வதும் ஒன்றாக இருந்த நாட்கள் குறைவு.

முதலில் அந்த 80. எங்கள் தொழிலில் இதை 'டச்' என்போம். 80 டச் என்றால் நூறு கிராமில் எண்பது கிராம் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மெத்தென்று இருக்கும். அதில் கொலுசு செய்தால் நடக்கிற நடையில் வளையம் நீண்டு பிரிந்துவிடும். ஆகவே செம்பு கலப்பது ஏமாற்று வேலை இல்லை, தேவைதான். எவ்வளவு கலந்தார்கள், கலந்ததைச் சொன்னார்களா என்பதில்தான் விவகாரம். 80, 75, 70, அதற்குக் கீழேயும் கொலுசு உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது: அது வெறும் 80. பி.ஐ.எஸ். ஹால்மார்க்கில் சுத்தத்தை ஆயிரத்துக்கு எவ்வளவு என்றுதான் அடிப்பார்கள். எண்பது சதவீத வெள்ளிக்கு அங்கே 800 என்று இருக்கும், கூடவே முக்கோண வடிவ பி.ஐ.எஸ். குறியும் இருக்கும். 800-தான் அவர்கள் ஏற்கிற மிகக் குறைந்த தரம். எழுபது டச் கொலுசுக்கு ஹால்மார்க் கிடைக்கவே கிடைக்காது. வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமும் இல்லை, விருப்பப்பட்டால் வாங்கலாம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளியிலும் ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடு வந்திருக்கிறது. அது இருந்தால் BIS CARE செயலியில் Verify HUID என்ற இடத்தில் போட்டுப் பார்க்கலாம். உங்களுடையது பழைய கொலுசு என்கிறீர்கள், எனவே அதில் அது இருக்க வழியில்லை. இல்லாததால் கொலுசு மட்டம் என்றும் ஆகாது.

ஆக, உங்கள் படத்தில் இருப்பது ஹால்மார்க் இல்லை. செய்தவரோ விற்றவரோ அடித்த சொந்த முத்திரை. அந்த இரண்டு ஆங்கில எழுத்தும் பட்டறையின் அல்லது கடையின் முதலெழுத்தாக இருக்கும். அதை எங்கேயும் போட்டுத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று விற்பவருக்கு ஞாபகம் இருந்து, அந்த எழுத்துகள் அதோடு ஒத்துப்போனால், அதே கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கொஞ்சம் மரியாதை கிடைக்கும். அவ்வளவுதான் அதன் பயன்.

இப்போது படத்துக்கு வருவோம். 80 என்று நீங்கள் படித்தது 80-தானா? கொக்கி என்பது கொலுசிலேயே அதிகம் தேய்கிற இடம். சேலையும் பாவாடையும் உரசி உரசி எண்ணின் மேடு மழுங்கிவிடும். தேய்ந்த 8-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் வலது மேல்பக்கம் ஒரு சின்ன வளைவு மட்டும்தான். மங்கலான போட்டோவில் 60 என்பது 80 ஆகத் தெரியும், 80 என்பது 60 ஆகவும் தெரியும். விலையில் அது கால் பங்கு வித்தியாசம். இன்னொரு கூத்து, கொக்கியைத் தலைகீழாகப் பிடித்து எடுத்த படம். 80-ஐத் திருப்பினால் 08 என்று வரும், உடனே புரிந்துவிடும். ஆனால் 90-ஐத் திருப்பினால் 06, 60-ஐத் திருப்பினால் 09. பக்கத்தில் உள்ள எழுத்து எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும்.

நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் எதுவும் தெரியாது, வெள்ளி கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடித்துவிடும். விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: கொக்கியைத் துணியால் துடைத்து, கறுப்புத் துணிமேல் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு எண்ணின் பள்ளத்திலும் நிழல் விழும். அப்போது இன்னொன்றும் தெரியும். சுத்தியலால் அடித்த முத்திரை என்றால் எண்ணின் ஓரம் கூர்மையாகவும், பள்ளத்தைச் சுற்றி உலோகம் லேசாகப் பிதுங்கியும் இருக்கும். ஓரமெல்லாம் மொழுமொழுவென்று வழிந்த மாதிரி இருந்தால் அது வேறொரு கொக்கியை அச்செடுத்து வார்த்தது. அப்படியானால் அந்த எண் மூலக் கொக்கிக்குரியது, இந்த உலோகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இரண்டு கொலுசின் கொக்கியையும் கேளுங்கள். இதைப் பலபேர் விட்டுவிடுகிறார்கள். பழைய கொலுசில் கொக்கி உடைந்தால் ஆசாரியிடம் கொடுத்து வேறு கொக்கி வைப்பது சகஜம். அவர் கையில் எது இருக்கிறதோ அது ஏறிவிடும். ஒன்றில் 80, இன்னொன்றில் முத்திரையே இல்லை என்றால், எந்தக் கொக்கி கொலுசோடு பிறந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டிலும் ஒரே எண், ஒரே எழுத்து, ஒரே இடத்தில் இருந்தால்தான் அந்த எண்ணை வைத்துப் பேசவே முடியும்.

அப்படிப் பேசினாலும் அது கொக்கியின் டச். முழுக் கொலுசின் டச் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போகிற ஓட்டை இதுதான்.

கொலுசு என்பது நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளைப் பற்றவைத்துச் செய்வது. ஒவ்வொரு வளையமும் ஒரு பற்று, ஒவ்வொரு மணியும் ஒரு பற்று. பற்றவைக்கிற பொடி வெள்ளியைவிடச் சீக்கிரம் உருக வேண்டும். இல்லாவிட்டால் பொடி உருகுவதற்குள் கொலுசே உருகி உட்கார்ந்துவிடும். அதற்காகப் பொடியில் பித்தளையோ துத்தநாகமோ சேர்ப்பார்கள். எனவே பொடியில் வெள்ளி எப்போதும் குறைவு. சலங்கை நிறைய வைத்த கொலுசில் பொடி அதிகம், பட்டையான சங்கிலி மாதிரிக் கொலுசில் குறைவு. முத்திரை அடிப்பதோ, ஒரு பற்றும் இல்லாத கொக்கியின் நாக்கில்.

ஒருமுறை ஒரு அம்மா கனமான சலங்கைக் கொலுசு ஒரு ஜோடி கொண்டுவந்தார். 200 கிராமுக்குச் சற்று மேலே. கொக்கியில் 80. அதை உரசிப் பார்த்தாலும் எண்பதுதான் காட்டியது, முத்திரை பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவின் கண்ணெதிரே மூசையில் போட்டு, வெங்காரம் தூவி உருக்கிக் கட்டியாக ஊற்றினோம். எடை நாலைந்து கிராம் குறைந்திருந்தது. சலங்கைக்குள் அடைந்திருந்த அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்துபோனது. கட்டியைச் சோதித்தால் 73. அந்த அம்மா எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. கொக்கி எண்பது, கட்டி எழுபத்துமூன்று, இடையில் போன ஏழும் பொடியும் மணியும். அன்றிலிருந்து சலங்கைக் கொலுசு என்றால் கொக்கி எண்ணிலிருந்து ஐந்து முதல் எட்டு வரை மனதில் கழித்துக்கொள்வேன். இது என் அனுபவக் கணக்கு. நல்ல பட்டறை வேலையில் கழிவு இதைவிடக் குறைவாகவும் இருந்ததுண்டு.

அடுத்தது எடை. தராசுப் படம் முத்திரைப் படத்தைவிட நம்பகமானது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உங்கள் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் இல்லாத சில விஷயங்களை நீங்களே பார்க்க வேண்டும். கொலுசு பிளாஸ்டிக் கவரோடு தராசில் இருக்கிறதா? சின்னக் கவரும் சீட்டும் நூலும் சேர்ந்தால் ஒன்று, ஒன்றரை கிராம் வரும். திரையில் அலகு எது, கிராம்தானா? ஒரு கொலுசா, ஜோடியா? எல்லாவற்றையும்விட, வைப்பதற்கு முன் தராசு பூஜ்யத்தில் இருந்ததா? இதைப் படம் சொல்லாது, வீடியோதான் சொல்லும். காலித் தராசு பூஜ்யம் காட்டுவதிலிருந்து கொலுசை வைக்கிறவரை ஒரே ஓட்டமாக எடுத்த பத்து நொடி வீடியோ கேளுங்கள். அப்போதும் தராசே சரியா என்று தெரியாது. சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு புள்ளிக்குப் பின்னால் மூன்று எண்ணைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. எடையளவுத் துறை முத்திரை உள்ள கடைத் தராசில் உங்கள் முன்னால் போடுவதுதான் எடை.

கொலுசில் கல் பதித்திருந்தாலோ, பச்சை சிவப்பு மீனா வேலை இருந்தாலோ அதுவும் வெள்ளி எடையில் சேராது. மீனா அதிக எடை இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை.

சரி, கணக்குப் போடுவோம். வெள்ளி விலை தினம் ஏறி இறங்குவதால், சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று சும்மா வைத்துக்கொள்கிறேன். இதை இன்றைய ரேட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் படிக்கிற நாளின் ரேட்டைப் போட்டு அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். 142.350 கிராமில் கவர், நூல், அழுக்கு எல்லாம் போக 140 கிராம் என்று கொள்வோம்.

அவர் கேட்பது 142.35 × 100, அதாவது 14,235 ரூபாய். இதை 140 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 101 ரூபாய் 68 பைசா. சுத்த வெள்ளியே 100 ரூபாய்தான். நூற்றியோரு டச் வெள்ளி பூமியில் கிடையாது.

முத்திரை சொல்கிற 80 முழு உண்மை, பொடிக்கும் கழிவு இல்லை என்று தாராளமாக வைத்தால்: 140 கிராமில் 80 சதவீதம் 112 கிராம். விலை 11,200. இதுதான் உலோகத்துக்கு உச்சவரம்பு. சலங்கை நிறைந்த கொலுசு, உருக்கினால் 73 வரும் என்று கொண்டால் 102.2 கிராம், 10,220 ரூபாய். அந்த எண் 80 இல்லை, தேய்ந்த 60 என்றால் பொடியே கழிக்காமல் 84 கிராம், 8,400. ஒரே போட்டோ, ஒரே கொலுசு. நாம் ஒரு எண்ணை எப்படிப் படிக்கிறோம் என்பதில் 2,800 ரூபாய் தொங்குகிறது. போட்டோவை வைத்து 'சரியான விலை' சொல்கிறேன் என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், அவர் ஊகத்தை உங்களுக்குக் கணக்காக விற்கிறார்.

விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் வாங்கும்போது கடையில் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள், அதையே உங்களிடம் திருப்பிச் சொல்கிறார். நான் பார்த்த பல கடைகளில் கொலுசுக்கு அன்றைய வெள்ளி ரேட்டை முழு எடைக்கும் போடுவார்கள். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று பெருமையாகவும் சொல்வார்கள். அதில் ஒரு தந்திரமும் இல்லாத மாதிரித் தெரியும். ஆனால் 80 டச் கொலுசுக்குச் சுத்த வெள்ளியின் ரேட்டை முழு எடைக்கும் போட்டால், 80 ரூபாய் வெள்ளிக்கு 100 ரூபாய் வாங்கியாயிற்று. உலோக மதிப்புக்கு மேலே 25 சதவீதம். 70 டச் என்றால் கிட்டத்தட்ட 43 சதவீதம். செய்கூலி இல்லாமல் இல்லை, டச்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. செய்தவருக்குக் கூலி வேண்டாமா, கடைக்கு வாடகை வேண்டாமா, வேண்டும்தான். ஆனால் அந்தக் கூலி ஒருமுறை கொடுப்பது. முதலில் வாங்கியவர் கொடுத்துவிட்டார், அவர் போட்டு நடந்தும் விட்டார். அதே கூலியை இரண்டாவதாக வாங்குகிற நீங்கள் மறுபடி கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 140 கிராமில் புதுக் கொலுசை முழு ரேட்டுக்கு விற்கிற கடையில் வாங்கினால் 14,000, அதன்மேல் மூன்று சதவீதம் ஜி.எஸ்.டி. 420, ஆக 14,420 ரூபாய். உங்களிடம் பழையதுக்குக் கேட்பது 14,235. 185 ரூபாய் வித்தியாசத்தில் புதுசும் கிடைக்கும், பில்லும் கிடைக்கும், மாற்றும்போது "எங்கள் கடைப் பொருள்" என்ற பேச்சும் கிடைக்கும். தனி ஆளிடம் வாங்குவதில் ஜி.எஸ்.டி. என்ற பேச்சே இல்லை. அதைச் சேர்த்துக் கேட்டால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

"மெஷினில் காட்டினால் தெரிந்துவிடுமே" என்று அடுத்து கேட்பீர்கள். பெரிய கடைகளில் உள்ள எக்ஸ்ரே மெஷின் நல்ல கருவிதான், ஆனால் அது மேல்தோலை மட்டும் படிக்கும். கொலுசு செய்து முடித்ததும் பட்டறையில் அதை வெள்ளை வைப்பார்கள். நெருப்பில் காட்டினால் மேலே உள்ள செம்பு கறுத்துப்போகும், நீர்த்த அமிலத்தில் போட்டால் அந்தச் செம்பு கரைந்துவிடும், மேலே வெள்ளி மட்டும் தங்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பளிச்சென்று வெளுத்துவிடும். மட்டமான டச்கூட இப்படி மேலே சுத்த வெள்ளி மாதிரிச் சிரிக்கும். அந்தத் தோலை மெஷின் படித்தால் எண் கூடுதலாகத்தான் வரும். பாலிஷ் போட்ட பொருள் என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே மறைவான ஓர் இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, உள் உலோகம் தெரிந்த பிறகு காட்டச் சொல்லுங்கள். கொக்கியில் ஓர் இடம், சங்கிலியில் ஓர் இடம், மணிக்குப் பக்கத்தில் பற்று உள்ள ஓர் இடம், மூன்றிலும். மூன்று எண்ணும் வேறு வேறாக வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முழு உண்மை வேண்டுமானால் உருக்கத்தான் வேண்டும். கால்களில் போட்டுக்கொள்ளப் பொருள் வாங்குகிறவர் அதைச் செய்ய மாட்டார், அது எனக்கும் தெரியும்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, உண்மைதான். செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. ஒட்டினால் இரும்போ நிக்கலோ இருக்கிறது என்று தெரியும், ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. கறுத்துப்போயிருக்கிறது என்பதை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள், நல்ல வெள்ளியும் கறுக்கும். படத்தில் பார்க்க வேண்டியது வளையங்கள் ஒன்றோடொன்று உரசுகிற உள்பக்கம். அங்கே பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்தால் உள்ளே பித்தளை, மேலே முலாம். லேசாகச் சிவந்த சாயல் மட்டும் என்றால் டச் குறைவு என்று சந்தேகிக்கலாம், முலாம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இந்த நிறப் பேச்சே வேண்டாம், எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கும்.

இதே கேள்வியைப் பாத்திரத்துக்கும் கேட்கிறவர்கள் உண்டு என்பதால் ஒரு வார்த்தை. பாத்திரத்தில் பற்று குறைவு, அதனால் முத்திரையும் உருக்கிய டச்சும் நெருங்கி வரும். ஆனால் அங்கே வேறு பொறிகள். குத்துவிளக்கின் தண்டுக்குள்ளும் அடிப்பாகத்திலும் நிலையாக நிற்பதற்கு அரக்கு ஊற்றியிருப்பார்கள். தராசு அரக்கையும் வெள்ளியாகத்தான் எண்ணும். அடியில் இ.பி.என்.எஸ். என்ற நாலு ஆங்கில எழுத்து இருந்தால், அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் வெள்ளி முலாம், அதற்கு உருக்கு மதிப்பு என்று பேசவே வேண்டாம். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. பழைய சொம்பு, கிண்ணங்களின் அடியில் சில சமயம் உளியால் கொத்திய எண் இருக்கும், உதாரணமாக 24½. அதை டச் என்று நினைத்து "இருபத்துநாலு கேரட்டா?" என்று என்னிடம் கேட்டவர் உண்டு. அது எடை. அந்தக் காலத்தில் ரூபாய் எடையில், அதாவது தோலாவில் குறிப்பார்கள். ஒரு தோலா 11.66 கிராம், ஆக 24½ என்றால் ஏறக்குறைய 286 கிராம். இன்று தராசில் 278 காட்டினால், மிச்சம் எட்டு கிராமும் இத்தனை வருடச் சாம்பலும் புளியும் தேய்த்துக் கொண்டுபோனது. 286-க்கு மேலே காட்டினால்தான் யோசிக்க வேண்டும், யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

"தாத்தா காலத்து வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த சொம்பு" என்ற கதையும் அடிக்கடி வரும். எந்த ரூபாய் என்று கேட்க வேண்டும். 1940-க்கு முந்திய ரூபாயில் கிட்டத்தட்ட 92 சதவீதம் வெள்ளி. போர்க்காலத்தில் 1940 முதல் வந்ததில் பாதிதான். 1947-ல் வந்த ரூபாயில் நிக்கல்தான், வெள்ளி இல்லை. தாத்தா எந்த வருடம் உருக்கினார் என்பதைப் பொறுத்து அந்தச் சொம்பின் விலை பாதியாகும்.

உங்கள் கொலுசுக்குத் திரும்புகிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது: கேட்கிற விலை அந்த முத்திரையின் சொந்தக் கணக்குப்படியே அதிகம். ஓரளவு தெரிந்தது: அது 80-ஆகவே இருந்தால், உலோகத்தின் மதிப்பு சுத்த வெள்ளி ரேட்டில் முழு எடைக்கு வருகிற தொகையின் 72 முதல் 80 சதவீதத்துக்குள். தெரியாதது: அது 80-தானா, கவர் எவ்வளவு, சலங்கை எவ்வளவு. இந்த மூன்றும் பொருள் கைக்கு வந்தால்தான் தீரும்.

பேச்சை இப்படித் தொடங்கலாம். "அண்ணா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கடைக்குப் போவோம். அரம் போட்டு டச் பார்ப்போம். வருகிற டச்சை எடையால் பெருக்கி அன்றைய ரேட்டைப் போட்டுக் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். சோதனைக் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள், சின்னத் தொகைதான். அவருக்கும் இதில் நஷ்டமில்லை. இதே கொலுசை அவர் கடையில் போட்டால், டச்சுக்குக் கழிவு, உருக்குக் கழிவு, அதன்மேல் வாங்குகிற ரேட் வேறு என்று சொல்லி நீங்கள் தருவதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். உங்களுக்கும் அவருக்கும் இடையில் கடைக்காரரின் லாபம் இல்லை என்பதுதான் இந்த வியாபாரத்தில் இருவருக்கும் உள்ள சௌகரியம். பழைய பில் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். விலைக்காக இல்லை, பொருள் அவருடையதுதான் என்பதற்காக.

கிராம் 100 ரூபாய்க் கணக்கில் நானாக இருந்தால் 10,200-ல் ஆரம்பிப்பேன். இரண்டு கொக்கியும் ஒரே முத்திரையாக இருந்து, வளையங்கள் தேயாமல், வேலைப்பாடு மனதுக்குப் பிடித்திருந்தால் 11,000 வரை போவேன். கடைக்கு வர மாட்டேன், போட்டோவை நம்பி வாங்கு என்று அவர் சொன்னால், அந்த எண்ணை 60 என்று படித்துக்கொண்டு 8,400-க்கு மேல் ஒரு ரூபாயும் ஏற மாட்டேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த இரண்டு கொக்கிப் படமும் கிடைத்தால் இங்கேயே போடுங்கள். 8-ஆ 6-ஆ என்பதையாவது பார்த்துச் சொல்கிறேன்.